இரவில் குவியும் என்கொயரி, பகலில் வரும் பணம்: கூகுள் விளம்பரத்தில் எந்த நேரத்துக்கு எவ்வளவு பிட் வைக்கலாம்?

புனேயில் டேட்டா அனலிட்டிக்ஸ் கோர்ஸ் நடத்தும் ஒரு சிறிய பயிற்சி மையத்தின் கூகுள் விளம்பரங்களை நீங்கள் கவனித்துக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3 லட்சம் ரூபாய் செலவு. ரிப்போர்ட்டைத் திறந்து மணி வாரியாகப் பார்க்கிறீர்கள். இரவு 9 மணிக்கு மேல் க்ளிக் விலை குறைவு, என்கொயரியும் அதிகம். ஒரு லீடுக்கு ஆகும் செலவு பகலில் 700 ரூபாய்க்குப் பக்கம், இரவில் 431 ரூபாய்தான்.

உடனே என்ன தோன்றும்? இரவுக்கு பிட்டை ஏற்று, பகலில் குறை. மேனேஜரும் சரி என்பார். மூன்று மாதம் கழித்து லீட் எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனால் ஃபீஸ் கட்டிச் சேர்ந்தவர்கள் குறைந்திருப்பார்கள். மீட்டிங்கில் உங்களைப் பார்த்துக் கேள்வி வரும்: "இவ்வளவு லீட் வந்திருக்கே, காசு எங்கே?"

ஒரு நாளை நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பிட் வைப்பதைத்தான் டேபார்ட்டிங் என்கிறோம். ரேடியோவும் டிவியும் பிரைம் டைமுக்குத் தனி ரேட் வைத்த காலத்திலிருந்தே இருக்கும் பழக்கம் இது. தேடல் விளம்பரத்தில் வித்தியாசம் என்னவென்றால், எந்த நேரம் மதிப்புள்ளது என்பதை நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் அந்தக் கணக்கில் தடுக்கி விழ நிறைய இடம் இருக்கிறது.

முதலில், எந்த நேரத்தை எண்ண வேண்டும்?

ஒரு மாணவர் செவ்வாய் இரவு 10:40-க்கு விளம்பரத்தைக் க்ளிக் செய்து ஃபார்ம் நிரப்புகிறார். புதன்கிழமை மையத்திலிருந்து பேசுகிறார்கள். அடுத்த வாரம் டெமோ கிளாஸ். மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலை 11 மணிக்கு நேரில் வந்து ஃபீஸ் கட்டுகிறார். இந்த வாடிக்கையாளரை எந்த நேரத்தின் கணக்கில் எழுதுவீர்கள்?

கணக்குப் பிரிவின் ரசீதுகளை வைத்துப் பார்த்தால், "சனிக்கிழமை காலை 11 மணிதான் பெஸ்ட்" என்ற முடிவுக்கு வருவீர்கள். ஆனால் அந்த நேரத்தில் அவர் விளம்பரத்தைப் பார்க்கவே இல்லை. பேட்ச் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது, முந்தைய நாள் கட்டிவிட்டார், அவ்வளவுதான். அங்கே பிட்டை ஏற்றினால் அவரைப் போன்ற இன்னொருவர் கிடைக்கமாட்டார். சனிக்கிழமை காலை தேடுகிற வேறு யாரோதான் கிடைப்பார்கள்.

நீங்கள் காசு கொடுத்து வாங்குவது க்ளிக்கை. அதனால் பணம் எப்போது வந்தாலும், அதை க்ளிக் நடந்த நேரத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும். கூகுள் ஆட்ஸில் வழக்கமாகத் தெரியும் `Conversions` என்ற பத்தி க்ளிக் நேரத்தை வைத்துத்தான் எண்ணுகிறது. `Conversions (by conv. time)` என்று இன்னொரு பத்தி இருக்கிறது. அது கன்வெர்ஷன் நடந்த நேரத்தை எண்ணும். மணி வாரியாகப் பார்க்கும்போது இரண்டாவதைத் தொடாதீர்கள்.

ஆனால் பயிற்சி மையம் போன்ற தொழிலில் கூகுளுக்குத் தெரிவது ஃபார்ம் நிரப்பியது வரைதான். ஃபீஸ் கட்டியது சிஆர்எம்-மிலோ எக்செல் ஷீட்டிலோ இருக்கும். இரண்டையும் இணைக்க ஒரு சரடு வேண்டும். விளம்பரத்தைக் க்ளிக் செய்தால், கணக்கில் ஆட்டோ-டேகிங் ஆன் ஆகியிருந்தால், பக்கத்தின் முகவரியில் `gclid` என்ற அடையாள எண் ஒட்டி வரும். அந்த எண்ணையும் பக்கம் திறந்த நேரத்தையும் ஃபார்மில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கட்டங்களில் பிடித்து, லீடுடன் சேர்த்துச் சேமிக்கச் சொல்லுங்கள். வெப்சைட் பார்ப்பவருக்கு அரை நாள் வேலை. இது இல்லாமல் கீழே வரும் எதையும் செய்ய முடியாது.

பிறகு ஷீட்டில் B பத்தியில் பக்கம் திறந்த நேரம் இருந்தால், மணியையும் கிழமையையும் பிரிக்க இந்த இரண்டு வரி போதும். இரண்டாவதில் திங்கள் 1, ஞாயிறு 7 என்று வரும்.

```
=HOUR(B2)
=WEEKDAY(B2,2)
```

எத்தனை நாள் தரவு வேண்டும்?

"கடைசி 30 நாள்" வேண்டாம். 30 நாளில் இரண்டு கிழமைகள் ஐந்து முறை வரும், மற்ற ஐந்தும் நான்கு முறைதான் வரும். எனவே முழு வாரங்களாக எடுங்கள். 13 வாரம் என்றால் 91 நாள், ஒவ்வொரு கிழமையும் சரியாக 13 முறை. சம்பளம் போட்ட முதல் வாரமும், கை காய்ந்த கடைசி வாரமும் மூன்று முறையாவது உள்ளே வந்துவிடும். நடுவில் தீபாவளி வாரம் போல ஒன்று விழுந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டு, பின்னால் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: அந்த 13 வாரம் இன்றோடு முடியக் கூடாது. க்ளிக்கிலிருந்து ஃபீஸ் வரை நான்கு வாரம் ஆகலாம் என்றால், நேற்று வந்த லீட் இன்னும் முடிவெடுக்கவே இல்லை. அதைத் தோல்வி என்று எண்ணுவது தவறு. கடைசி நான்கு வாரத்தை ஒதுக்கிவிட்டு, அதற்கு முந்தைய 13 வாரத்தை எடுங்கள்.

மையத்தின் பெயரையே தட்டித் தேடுகிறவர்களுக்கான பிராண்ட் கேம்பெயினையும் இந்தக் கணக்கிலிருந்து வெளியே வையுங்கள். இரவில் பொதுவான சொல்லில் தேடிப் பார்த்துவிட்டு, மறுநாள் மதியம் உங்கள் பெயரைப் போட்டுத் தேடி வருகிறவர்கள் உண்டு. இரண்டையும் கலந்தால் இரவு உழைத்த பலன் மதியத்தின் பேரில் ஏறிவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கீழே இருப்பது விளக்கத்துக்காகப் போட்ட மாதிரிக் கணக்கு. எண்களை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 13 வாரம், 9 லட்சம் ரூபாய் செலவு, 30,000 க்ளிக், 1,500 லீட், ஃபீஸ் கட்டியவர்கள் 90 பேர். அதிகாலை 2 முதல் 6 வரை விளம்பரம் ஓடவில்லை.

| நேரம் | க்ளிக் | செலவு (₹) | லீட் | ஃபீஸ் கட்டியவர் |
|---|---|---|---|---|
| காலை 6 – 10 | 3,600 | 1,08,000 | 160 | 12 |
| காலை 10 – மாலை 4 | 9,000 | 3,06,000 | 390 | 36 |
| மாலை 4 – இரவு 9 | 7,400 | 2,36,000 | 370 | 27 |
| இரவு 9 – 2 | 10,000 | 2,50,000 | 580 | 15 |

லீட் பத்தியை மட்டும் பார்த்தால் இரவுதான் ஹீரோ. ஒரு லீட் 431 ரூபாய். காலை 10 முதல் 4 வரையிலான துண்டில் அதுவே 785 ரூபாய். இருப்பதிலேயே விலை உயர்ந்த லீட் அதுதான்.

இப்போது கடைசிப் பத்தியைப் பாருங்கள். பகலில் ஃபீஸ் கட்டும் ஒருவரைப் பிடிக்க 8,500 ரூபாய் ஆகிறது. இரவில் கிட்டத்தட்ட 16,700 ரூபாய். படம் அப்படியே தலைகீழ். ஆசிரியர் சம்பளம், இடம், மற்ற செலவுகள் போக ஒரு மாணவரால் மையத்துக்கு மிஞ்சுவது 15,000 ரூபாய் என்றால், சராசரியாகச் செலவாகும் 10,000 போக லாபம் நிற்கிறது. ஆனால் இரவில் வரும் ஒவ்வொரு மாணவராலும் 1,700 ரூபாய் கைக்காசு போகிறது. மேலே பார்த்த "இரவுக்கு பிட்டை ஏற்று" என்ற முடிவு, நஷ்டம் வரும் துண்டுக்கே இன்னும் பணத்தை அனுப்பியிருக்கும்.

பிட்டை எவ்வளவு மாற்றுவது?

ஒரு க்ளிக்கின் மதிப்பு என்ன என்று கேளுங்கள். மொத்தத்தில் 30,000 க்ளிக்குக்கு 90 பேர், ஒருவருக்கு 15,000 ரூபாய். அப்படியானால் ஒரு க்ளிக்கின் மதிப்பு சராசரியாக 45 ரூபாய். இரவில் 10,000 க்ளிக்குக்கு 15 பேர் என்றால் 22.50 ரூபாய். பகல் 10 முதல் 4 வரை 60 ரூபாய். துண்டின் மதிப்பைச் சராசரியால் வகுத்து 1-ஐக் கழித்தால், மாற்ற வேண்டிய சதவீதம் கிடைக்கும்.

```
இரவு:  22.5 ÷ 45 − 1 = −50%
பகல்:  60 ÷ 45 − 1 = +33%
```

கொஞ்சம் பொறுங்கள், இதை அப்படியே போட்டுவிடாதீர்கள். 12, 36, 27, 15 எல்லாமே சின்ன எண்கள். தற்செயலாகவே மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டம் எவ்வளவு என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. எல்லா நேரமும் ஒரே மாதிரிதான் என்று வைத்துக்கொண்டால், அந்தத் துண்டில் எத்தனை பேர் வந்திருக்க வேண்டும்? அந்த எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். அந்த அளவுக்குள் வரும் வித்தியாசத்தை நம்ப வேண்டாம்.

இரவில் 10,000 க்ளிக்குக்கு 30 பேர் வந்திருக்க வேண்டும். 30-இன் வர்க்கமூலம் சுமார் 5.5, இரண்டு மடங்கு 11. அதாவது 19 முதல் 41 வரை எது வந்தாலும் சகஜம். வந்தது 15. இது தற்செயல் அல்ல, நம்பலாம். பகலில் 27 பேர் எதிர்பார்ப்பு, ஆட்டம் சுமார் 10. 37 வரை சகஜம். வந்தது 36. நல்ல அறிகுறிதான், ஆனால் உறுதி இல்லை. காலையில் எதிர்பார்த்தது 11, வந்தது 12. அங்கே ஒன்றுமே இல்லை.

ஆகவே கணக்குச் சொன்னதில் பாதியை மட்டும் எடுங்கள். இரவுக்கு −25%. பகலுக்கு +15%, அதுவும் பரீட்சைக்காகத்தான். மற்ற இரண்டு துண்டுகளையும் தொட வேண்டாம்.

கிழமைக்கும் இதே சோதனைதான். 90 பேரை ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்குச் சுமார் 13 பேர். ஆட்டம் 7. வியாழன் 9, வெள்ளி 17 என்று வந்தால் "வெள்ளிதான் ராசியான நாள்" என்று சொல்லத் தோன்றும். இரண்டும் சகஜமான எல்லைக்குள்தான் இருக்கின்றன. இந்த அளவு தரவில் வார நாள், வார இறுதி என்று இரண்டாகப் பிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 24 மணியையும் 7 நாளையும் பெருக்கி 168 கட்டம் போட்டு, பச்சை சிவப்பு அடித்த ஹீட்மேப் ஸ்லைடில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 90 பேரை 168 கட்டத்தில் போட்டால் கட்டத்துக்கு அரை ஆள்தான் வரும்.

இரவு ஏன் மோசம்? பிட்டைக் குறைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

இரவில் தேடுகிறவர்கள் எல்லாம் சும்மா பார்க்கிற காலேஜ் மாணவர்கள், காசு கட்டமாட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சிஆர்எம்-மில் இன்னொரு பத்தியைப் பாருங்கள்: முதல் ஃபோன் எப்போது போனது?

மையம் காலை 10 மணிக்குத் திறக்கிறது. டெலிகாலர்கள் இரண்டு பேர். இரவு வந்த லீட்களும் காலையில் வந்தவையும் ஒன்றாகக் குவிந்திருக்கும். பட்டியலில் மேலே இருப்பது புதிய லீட் என்பதால் அதற்குத்தான் முதலில் பேசுவார்கள். இரவு 9:30-க்கு ஆர்வமாக ஃபார்ம் நிரப்பியவருக்கு மறுநாள் மதியம் 3 மணிக்கு ஃபோன் போகும். ஞாயிறு விடுமுறை. சனி இரவு வந்தவருக்குத் திங்கள்தான். அதற்குள் அவர் இன்னும் இரண்டு இடத்தில் பேசி முடித்திருப்பார்.

நம் மாதிரிக் கணக்கில் 580 இரவு லீட்களைப் பிரித்துப் பார்ப்போம். மறுநாள் காலை 11 மணிக்குள் ஃபோன் போனது 240 பேருக்கு. அவர்களில் 10 பேர் சேர்ந்தார்கள். அது 4.2%. அதற்குப் பிறகு ஃபோன் போன 340 பேரில் 5 பேர்தான், 1.5%. மற்ற நேரங்களில் வந்த லீட்களில் சேர்ந்தது 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்.

இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. சீக்கிரம் பேசினாலும் இரவு லீட் பகல் லீடுக்குச் சமம் ஆகவில்லை. அந்த வித்தியாசம் நேரத்துடையது, அதை பிட்டில் சரிசெய்யலாம். ஆனால் மீதி வித்தியாசம் உங்கள் ஆபீஸ் ஷிஃப்டுடையதாக இருக்கலாம். 580 பேருக்கும் 4.2% கிடைத்தால் 24 பேர் சேர்வார்கள். அப்போது ஒருவருக்கு ஆகும் செலவு 10,400 ரூபாய், கிட்டத்தட்ட மொத்தச் சராசரிதான். நஷ்டத் துண்டு என்று வெட்ட இருந்தது, டெலிகாலர் ஒருவரின் வேலை நேரத்தை மாற்றினால் லாபத்துக்கு வந்துவிடும்.

இங்கேயும் அவசரம் வேண்டாம். தாமதமாகப் பேசப்பட்டவர்களில் சனி, ஞாயிறு இரவு வந்தவர்கள் அதிகம் இருப்பார்கள். அவர்கள் இயல்பிலேயே வேறு மாதிரியானவர்களாக இருக்கலாம். அதனால் செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான இரவுகளை மட்டும் எடுத்து இதே பிரிவினையைச் செய்து பாருங்கள். வித்தியாசம் அப்போதும் நின்றால், காரணம் ஃபோன் தாமதம் என்று ஓரளவு நம்பலாம்.

பிறகு ஒருவரை இரவு 10 வரை வேலை பார்க்கும்படி ஷிஃப்ட் மாற்றுங்கள், அல்லது காலையில் முதல் ஒரு மணி நேரம் இரவு லீட்களுக்கு மட்டும் என்று விதி வையுங்கள். அது நடக்கும் வரை −25% இருக்கட்டும். நடந்த பிறகு மறுபடி அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செட்டிங்கில் எங்கே தவறு நடக்கும்?

கேம்பெயினுக்குள் `Ad schedule` என்ற பகுதியில் நேரத் துண்டுகளைப் போட வேண்டும். ஒரு நாளுக்கு அதிகபட்சம் ஆறு துண்டு. 15 நிமிட அளவுக்கு நுணுக்கமாகப் பிரிக்கலாம். பிட்டை −90% முதல் +900% வரை மாற்றலாம்.

அடிக்கடி நடக்கும் விபத்து இது: காலை 10 முதல் 4 வரை +15% என்று ஒரே ஒரு துண்டைப் போட்டுவிட்டு, மற்ற நேரத்தில் பழைய பிட் ஓடும் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஓடாது. ஷெட்யூல் போட்ட பிறகு, அதில் இல்லாத நேரத்தில் விளம்பரமே வராது. மாலை 4 மணிக்கு மேல் இம்ப்ரெஷன் பூஜ்யம் ஆகியிருந்தால் முதலில் இதைப் பாருங்கள். மாற்றம் வேண்டாத நேரத்தையும் 0% என்று எழுதி வைக்க வேண்டும்.

இரவு 9 முதல் 2 வரை என்று ஒரே துண்டாகவும் போட முடியாது. நள்ளிரவில் நாள் மாறுகிறது. 9 முதல் 12 வரை ஒன்று, 12 முதல் 2 வரை இன்னொன்று. நம் கணக்குக்கு நாளுக்கு ஐந்து துண்டு, ஆறுக்குள் அடங்கிவிடும். கிழமை பார்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்: "சனி இரவு" ஒரு மணிக்கு வந்த க்ளிக் ரிப்போர்ட்டில் ஞாயிறு என்றுதான் இருக்கும்.

அடுத்து, டைம் ஸோன். ஷெட்யூலும் ரிப்போர்ட்டும் கணக்கின் நேரப்படி ஓடும், பார்ப்பவரின் நேரப்படி அல்ல. இந்தியா முழுக்க ஒரே நேரம் என்பதால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் கணக்கை அமெரிக்க கிளையண்ட் திறந்து கொடுத்திருந்தால் கவனம். நியூயார்க் நேரத்தில் இருக்கும் கணக்கின் "இரவு 10 மணி" கோடையில் நமக்குக் காலை 7:30, குளிர்காலத்தில் 8:30. வருஷத்துக்கு இரண்டு முறை உங்கள் துண்டுகள் எல்லாம் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும்.

பட்ஜெட்டையும் பார்த்துவிடுங்கள். அன்றைய பட்ஜெட் மாலையிலேயே தீர்ந்துபோகிற கணக்கில் இரவு எண்கள் அரைகுறையாகத்தான் இருக்கும். `Search lost IS (budget)` என்ற பத்தியில் பெரிய எண் தெரிந்தால், முதலில் பிட்டைக் கொஞ்சம் குறைத்து நாள் முழுக்க விளம்பரம் ஓடும்படி செய்யுங்கள். நேர ஆய்வு அதற்குப் பிறகுதான்.

"நான் ஸ்மார்ட் பிட்டிங்கில் இருக்கிறேனே?"

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுதான். Target CPA, Maximize conversions, Target ROAS போன்ற தானியங்கி முறைகளில் உங்கள் கேம்பெயின் ஓடினால், நீங்கள் போடும் −25%, +15% எதுவும் வேலை செய்யாது. திரையில் எண் இருக்கும், கூகுள் அதைக் கண்டுகொள்ளாது. விளம்பரம் ஓடும் நேரம், ஓடாத நேரம் என்பதை மட்டும்தான் மதிக்கும். சதவீத மாற்றம் மேனுவல் சிபிசி-யில் செல்லும்.

அப்படியானால் இவ்வளவு கணக்கும் வீணா? இல்லை. ஸ்மார்ட் பிட்டிங் தானாகவே மணியையும் கிழமையையும் பார்த்துத்தான் ஒவ்வொரு ஏலத்துக்கும் பிட் வைக்கிறது. பிரச்சினை, அது எதைத் துரத்துகிறது என்பதில்தான். நீங்கள் "ஃபார்ம் நிரப்பினால் கன்வெர்ஷன்" என்று சொல்லியிருந்தால், 431 ரூபாய்க்கு லீட் கிடைக்கும் இரவை அது தானே கண்டுபிடித்து, பணத்தை அந்தப் பக்கம் தள்ளும். சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நீங்கள் சொன்ன வேலைதான் தப்பு.

இங்கே நீங்கள் மாற்ற வேண்டியது கன்வெர்ஷனின் வரையறையை. சேமித்து வைத்த `gclid` எண்ணுடன் யார் ஃபீஸ் கட்டினார், எப்போது, எவ்வளவு என்ற பட்டியலைக் கூகுள் ஆட்ஸில் ஆஃப்லைன் கன்வெர்ஷனாக ஏற்றுங்கள். க்ளிக் நடந்து 90 நாளைத் தாண்டினால் ஏற்றுக்கொள்ளாது. எனவே வாரம் ஒருமுறை ஏற்றும் பழக்கம் நல்லது.

ஆனால் மாதத்துக்கு 30 பேர்தான் ஃபீஸ் கட்டுகிறார்கள் என்றால், இயந்திரம் கற்றுக்கொள்ள அது குறைவு. நடுவில் ஒரு படியைத் தேடுங்கள். நம் மையத்தில் அது டெமோ கிளாஸ். அதற்கு வந்து உட்கார்ந்தவர்களின் எண்ணிக்கை ஃபீஸ் கட்டியவர்களைவிடப் பல மடங்கு இருக்கும், சும்மா ஃபார்ம் நிரப்பியவர்களும் வடிகட்டப்பட்டிருப்பார்கள். டெமோ வந்ததைக் கன்வெர்ஷனாக ஏற்றுங்கள். அதற்கு முன் ஒரு சரிபார்ப்பு: டெமோவுக்கு வந்தவர்களில் ஃபீஸ் கட்டிய சதவீதம் இரவு லீடுக்கும் பகல் லீடுக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய தவறையே ஒரு படி தள்ளிச் செய்கிறீர்கள்.

மாற்றிய பிறகு எப்படித் தெரிந்துகொள்வது?

போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிட்டால் சம்பள நாள், பரீட்சை, பண்டிகை எல்லாம் நடுவில் வந்து குழப்பும். மேனுவல் பிட்டில் இருந்தால் ஒரு வாரம் புதிய ஷெட்யூல், ஒரு வாரம் பழையது என்று மாற்றி மாற்றி எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஓட்டுங்கள். ஸ்மார்ட் பிட்டிங்கில் இப்படி வாரா வாரம் கன்வெர்ஷனை மாற்றாதீர்கள், அது கற்றதெல்லாம் கலைந்துபோகும்.

முடிவைப் பார்க்கும்போது இரவுத் துண்டை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். பிட்டைக் குறைத்ததால் அங்கே செலவு குறையும், அது எதிர்பார்த்ததுதான். பார்க்க வேண்டியது மொத்தம்: புதிய ஷெட்யூல் வாரங்களில் வந்த க்ளிக்குகளால் மொத்தம் எத்தனை பேர் ஃபீஸ் கட்டினார்கள், மொத்தச் செலவு எவ்வளவு. பகலில் பிட்டை ஏற்றியபோது கூடுதலாக வந்த க்ளிக்குகள் பழைய க்ளிக்குகளைவிட விலை கூடியவை. 8,500 ரூபாய்க்கு ஒருவர் கிடைத்த துண்டில், கூடுதலாக வரும் ஒருவருக்கு 13,000 ஆகலாம். 15,000-ஐத் தொட்டுவிட்டால் அங்கே நிறுத்திவிடுங்கள்.

கடைசிக் க்ளிக் வாரத்துக்குப் பிறகு நான்கு வாரம் காத்திருந்து, அந்தத் தொகையைப் பாருங்கள். அடுத்த மீட்டிங்கில் லீட் எண்ணிக்கை குறைந்திருக்கலாம், அதைப் பற்றிக் கேள்வியும் வரலாம். அப்போது கையில் நேரம் வாரியாகக் க்ளிக், முதல் ஃபோன், ஃபீஸ் என்ற மூன்று பத்தியும் உள்ள ஒரே ஒரு ஷீட் இருந்தால் போதும்.